தார்ப்பாய் கட்டிய கொட்டகையில் இருமும் கன்றுகள்

"ஈரோடு மாவட்டத்தில் ஐந்து கலப்பினப் பசுக்களும் நான்கு கன்றுகளும் வைத்திருக்கிறேன். போன மார்கழியில் ஒன்றரை மாதக் கிடாரிக்கன்று ஒன்று பத்து நாள் சளியோடு இருந்து இறந்துபோனது. அதனால் இந்த ஆண்டு ஐப்பசியிலேயே கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிவிட்டேன். கொசுவுக்காக இரவில் வேப்பிலைப் புகையும் போடுகிறேன். இருந்தும் இரண்டு கன்றுகள் இருமுகின்றன. ஒன்றுக்கு மூக்கில் தண்ணீராக வருகிறது; மற்றதற்கு வெள்ளையாகக் கெட்டியாக வருகிறது. இரண்டும் பால் நன்றாகத்தான் குடிக்கின்றன. இது வெறும் சளியா, நிமோனியாவா என்று நாங்களே எப்படிக் கண்டுபிடிப்பது? குளிர் படாமல் பார்த்துக்கொண்டும் ஏன் வருகிறது? நல்லெண்ணெயில் கற்பூரவல்லிச் சாறு கலந்து வாயில் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?"

ஐயா, வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் தொலைபேசியில் சொன்ன நான்கு செய்திகளை மற்ற வாசகர்களுக்காக இங்கே மீண்டும் எழுதுகிறேன். கெட்டிச் சளி வடிக்கும் கன்றை அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். உள்ளூர் மருத்துவர் கிடைக்காவிட்டால் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். எண்ணெயோ சாறோ எதையும் வாயில் ஊற்றக் கூடாது. கொட்டகைக்குள் புகை போடுவதை அன்று இரவே நிறுத்த வேண்டும். தார்ப்பாயின் மேல்பகுதியை, கூரையிலிருந்து கீழே இரண்டு அடி அளவுக்காவது, எல்லாப் பக்கமும் திறந்துவிட வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கேட்டுத்தான் நீங்கள் தயங்கினீர்கள். அந்தத் தயக்கத்துக்குப் பிற்பாதியில் விரிவாகப் பதில் சொல்கிறேன்.

பால் குடிக்கிறதே என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிடுங்கள். வளர்ந்த மாட்டுக்குக் காய்ச்சல் வந்தால் தீவனத்தைத் தொடாது. நமக்கு அந்தப் பழக்கம் கண்ணில் நிற்கிறது. பால்குடிக் கன்று அப்படியல்ல. நுரையீரலின் ஒரு பகுதி கெட்டிப்பட்டுப்போன கன்றுகூடப் பாலைக் கண்டதும் எழுந்து வந்து குடித்துவிடும். கழிச்சல் நோயில் கன்று சீக்கிரமே பாலை மறுக்கும். நிமோனியாவில் பாலை மறுப்பது பெரும்பாலும் கடைசிக் கட்டம். குடித்த அளவைப் பார்க்காமல் குடித்த விதத்தைப் பாருங்கள். நோயுற்ற கன்று மூச்சு வாங்குவதற்காக நடுவில் நிறுத்தி நிறுத்திக் குடிக்கும், மடியை முட்டாது, குடித்து முடித்ததும் துள்ளாமல் போய்ப் படுத்துக்கொள்ளும்.

மூக்கைப் பார்ப்பதற்கு ஏற்ற நேரம் விடியற்காலை, பால் விடுவதற்கு முன்பு, கன்று இன்னும் படுத்திருக்கும்போது. இதற்குக் காரணம் உண்டு. நலமான கன்று நாக்கைச் சுழற்றி இரண்டு மூக்குத்துளைகளையும் அடிக்கடி நக்கித் துடைத்துக்கொள்ளும். அதனால் அதன் மூக்கு நுனி ஈரமாகவும் சுத்தமாகவும் இருக்கும். உடம்பு சுகமில்லாத கன்று இந்த நக்கலை நிறுத்திவிடுகிறது. சளி மூக்கோரத்தில் தங்குகிறது, அதில் வைக்கோல் தூசியும் தவிட்டுத் துகளும் ஒட்டிக் காய்ந்து பொருக்காகிறது. பால் குடித்த பிறகு பார்த்தால் மடியில் உரசியோ வாளியில் நனைந்தோ எல்லாம் துடைக்கப்பட்டிருக்கும். நாமும் நன்றாக இருக்கிறது என்று திரும்பிவிடுவோம். மூக்கோரத்தில் தவிடு ஒட்டிய பொருக்கைக் கண்டால், முந்தைய இரவு முழுவதும் அந்தக் கன்று தன் மூக்கை நக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிர்ந்த காலையில் இரண்டு துளையிலும் தெளிந்த நீர் சிறிதளவு இருப்பது நோயல்ல. ஒரு துளையில் மட்டும் லேசாகக் கலங்கிய சளி தெரிந்தால் அந்தக் கன்றை அடையாளம் வைத்துக்கொண்டு மாலையில் மறுபடி பாருங்கள். இரண்டு துளைகளிலும் கலங்கலாக வந்தால் காய்ச்சல் பார்க்காமல் விடக் கூடாது. மஞ்சளாகவோ வெள்ளையாகவோ கெட்டியாக இரண்டு பக்கமும் தொங்கினால் பாக்டீரியா நுழைந்துவிட்டது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். வைரஸ் முதலில் வந்து சுவாசப் பாதையின் உட்தோலைப் புண்ணாக்குகிறது. அப்போது வருவது நீர். ஏற்கெனவே மூக்கிலும் தொண்டையிலும் சாதுவாகக் குடியிருக்கும் பாஸ்டுரெல்லா, மேன்ஹீமியா போன்ற பாக்டீரியாக்கள் அந்தப் புண் வழியே நுரையீரலுக்கு இறங்குகின்றன. அப்போது நீர் சீழாகக் கெட்டிப்படுகிறது. உங்கள் இரண்டு கன்றுகளும் ஒரே நோயின் அடுத்தடுத்த இரண்டு படிகளில் நிற்கின்றன என்று நான் கருதுவது இதனால்தான். பால் குடித்த உடனே மூக்கு வழியாக வெள்ளையாக வழிவது மட்டும் இந்தக் கணக்கில் சேராது, அது பாலே. மேலண்ணப் பிளவு இருக்கலாம், அல்லது பால் புரையேறியிருக்கலாம். அதையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

இருமலைக் கேட்பதற்கும் அதே விடியற்காலைதான் நல்லது. கன்றுகளை அதட்டாமல், வாசலில் ஐந்து நிமிடம் பேசாமல் நின்று, பிறகு ஒவ்வொன்றாக எழுப்பிவிடுங்கள். படுத்திருந்த கன்று எழுந்து நாலடி நடக்கும்போது நுரையீரலில் தேங்கிய சளி நகர்ந்து இருமலைக் கிளப்பும். எழுந்ததும் ஒரே ஒரு தடவை செருமிவிட்டுச் சும்மா நிற்கும் கன்றைப் பற்றிக் கவலை வேண்டாம். தூசித் தவிட்டில் மூக்கை நுழைத்ததும் இருமுவதும், பாலை அவசரமாக விழுங்கி ஒருமுறை இருமுவதும் அப்படியே. யாரும் தொடாமல், தீவனம் எதுவும் இல்லாமல், நின்ற இடத்திலேயே தானாக இருமுகிற கன்றைத்தான் தேடுகிறோம். கழுத்தை முன்னே நீட்டி, தலையைத் தாழ்த்தி, மெதுவாக, வலிக்கு அஞ்சியது போல அடக்கி இருமுகிறதா என்று பாருங்கள். உரத்துக் கேட்கும் வறட்டு இருமலைவிட, முனகல் போல அடங்கி வரும் ஈரமான இருமலைக் கேட்டால்தான் நான் அதிகம் கலங்குவேன். முதலாவது பெரும்பாலும் மூச்சுக்குழலின் எரிச்சல், இரண்டாவது நுரையீரலே நோகும் இருமல்.

ஐயம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். தாடைக்குக் கீழே தொண்டை முடியும் இடத்தில் விரல்களுக்கு வளைய வளையமாகத் தட்டுப்படும் மூச்சுக்குழலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து மென்மையாக ஒருமுறை அழுத்துங்கள். நலமான கன்று இருமாது, அல்லது ஒருமுறை இருமிவிட்டு நிறுத்திவிடும். அழற்சி உள்ள கன்று அடுத்தடுத்து இருமும். ஒருமுறை போதும், வந்தவர்களெல்லாம் அழுத்திப் பார்த்தால் நோயில்லாத கன்றும் இருமத்தான் செய்யும்.

இந்த அடையாளங்களை எண்ணாக்கிக் கூட்டும் முறை ஒன்றை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவக் கல்லூரி வகுத்திருக்கிறது. மருத்துவர் இல்லாத நேரத்தில் பண்ணைக்காரரே முடிவெடுக்க உதவும் என்பதால் நான் அதைப் பலருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். உடல் வெப்பம், இருமல், மூக்குச்சளி ஆகிய மூன்றுக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண். கண்ணில் பீளை, காது தொங்கல் இந்த இரண்டில் எது அதிகமோ அதற்கு இன்னொரு 0 முதல் 3. கூட்டுத்தொகை 4 என்றால் கண்காணிப்பு. 5 அல்லது அதற்கு மேல் என்றால் சிகிச்சை. வெப்பம் 101 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால் 0, 101 முதல் 102க்குள் 1, 102 முதல் 103க்குள் 2, 103ஐத் தொட்டால் 3.

உங்கள் கன்றுகளையே எடுத்துக்கொள்வோம். கெட்டிச் சளிக் கன்றுக்கு இரண்டு துளையிலும் வழிகிறது என்றால் மூக்குக்கு 3. அவ்வப்போது தானாக இருமுவதற்கு 2. வெப்பமானி வைப்பதற்கு முன்பே 5 ஆகிவிட்டது. அதற்குமேல் யோசிக்க எதுவும் இல்லை. தண்ணீர் மூக்குக் கன்றுக்கு மூக்குக்கு 0, இருமலுக்கு 2. இங்கேதான் வெப்பமானி தீர்ப்புச் சொல்கிறது. 101.5 என்றால் மொத்தம் 3. காலையும் மாலையும் பார்த்துவரலாம். 103 என்றால் மொத்தம் 5. மூக்கு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதுவும் நோயாளிதான். காய்ச்சல் பெரும்பாலும் கெட்டிச் சளிக்கு முன்னதாகவே வந்துவிடும் என்பதால், தண்ணீர் மூக்கும் காய்ச்சலும் சேர்ந்த நாளில் சிகிச்சை தொடங்கிய கன்றுதான் நன்றாகப் பிழைத்து வளர்கிறது.

மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் வெப்பமானி போதும். முனையில் சிறிது எண்ணெய் தடவி ஆசனவாயில் இரண்டு அங்குலம் செலுத்தி, சாணத்துக்குள் குத்தி நிற்காமல் பக்கச் சுவரைத் தொடும்படி சற்றே சாய்த்துப் பிடித்து, ஒலி வரும்வரை காத்திருங்கள். சாணத்துக்குள் நின்ற வெப்பமானி குறைத்துக் காட்டி உங்களை ஏமாற்றும். நம் ஊர் வெயிலில் பிற்பகல் 2 மணிக்கு நலமான கன்றும் 103ஐத் தொடக்கூடும். எனவே, இந்த எண்களை வெயில் ஏறுவதற்கு முன்பு பார்த்த வெப்பத்துக்கு மட்டும் பொருத்துங்கள்.

மூச்சை எண்ணுவதற்குக் கன்றைத் தொடவே வேண்டாம். படுத்திருக்கும் கன்றின் அள்ளையைத் தள்ளி நின்று பார்த்து, அது எழும்பித் தாழ்வதை அரை நிமிடம் எண்ணி இரட்டித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நேரத்தில், ஓய்வில், நிமிடத்துக்கு 40ஐத் தாண்டினால் ஐயத்துக்கு இடம் உண்டு. அள்ளை குழிந்து இழுத்து, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சுவிட்டால் அன்று மாலை வரைகூடக் காத்திருக்கக் கூடாது. இதோடு தொண்டையில் வீக்கமும் திடீர்க் கடுங்காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அது தொண்டை அடைப்பானாக இருக்கலாம்; அதற்கு மணிக்கணக்குதான் அவகாசம்.

இனி அந்த எண்ணெய். கற்பூரவல்லியைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஊற்றும் முறைதான் கன்றைக் கொல்கிறது. கன்றின் தலையை மேலே தூக்கிப் பிடித்து, மூங்கில் கொட்டத்தையோ புட்டியையோ கடைவாயில் செருகி ஊற்றும்போது, மூச்சு வாங்கித் திணறிக்கொண்டிருக்கும் கன்று விழுங்குவதற்கும் மூச்சிழுப்பதற்கும் இடையில் தடுமாறும். ஒரு மடக்கு மூச்சுக்குழலில் இறங்கினால் போதும். பால் இறங்கினாலே கேடு; எண்ணெய் இறங்கினால் நுரையீரலால் அதை வெளியே தள்ளவே முடியாது, அது அங்கேயே தங்கி அழுகலைத் தொடங்கும். முதல் நாள் எண்ணெய் ஊற்றினோம், இரண்டாம் நாள் மூச்சில் நாற்றம் வருகிறது, மூக்கில் பழுப்பாக வருகிறது என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட கன்றுகளில் நான் காப்பாற்றியவை மிகச் சில. போன மார்கழியில் இறந்த கன்றுக்கும் ஏதாவது ஊற்றினீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வாளியில் பால் விடுபவர்களும் இதே காரணத்தால் வாளியைத் தரையில் வைத்துத் தலையைக் கீழே அமுக்கக் கூடாது. பால்புட்டி என்றால் காம்பைக் கன்றின் தோள் உயரத்துக்கு மேல் தூக்காமல், ஓட்டையைப் பெரிதாக்காமல் கொடுங்கள்.

மருத்துவர் வந்ததும் முன்னங்காலைச் சற்று முன்னே இழுத்து, அக்குள் பக்கம் கருவியை வைத்துக் கேட்பார். மாட்டினத்தில் நிமோனியா பெரும்பாலும் நுரையீரலின் முன்பக்கக் கீழ்மடல்களில் தொடங்குவதே காரணம். அவர் தேர்ந்தெடுக்கும் நோயுயிர்க்கொல்லி எது என்பதில் நான் இங்கிருந்து தலையிட மாட்டேன். ஆனால், எத்தனை நாள் போட வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில ஊசிகளை மூன்று முதல் ஐந்து நாள் தொடர்ந்து போட வேண்டியிருக்கும்; சில ஒரே ஊசியாகப் போட்டாலும் பல நாள் வேலை செய்யும். முதல் ஊசியோடு கொடுக்கும் வலி, காய்ச்சல் மருந்தினால் மறுநாளே கன்று துள்ளத் தொடங்கும். அதைப் பார்த்துவிட்டு, குணமாகிவிட்டது என்று மீதி ஊசிகளை நிறுத்துவதால்தான் பத்தாம் நாளில் நோய் திரும்பி வருகிறது. இரண்டாம் முறை அதே மருந்து எடுபடுவதும் கடினம். முதல் ஊசியிலிருந்து 48 மணி நேரம் கழித்தும் காலை வெப்பம் 103க்குக் கீழே வராவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றலாமா என்று அவர் முடிவுசெய்வார். வீட்டில் மனிதர்களுக்கு வாங்கி மிஞ்சிய டைக்ளோஃபெனாக் ஊசியைக் காய்ச்சலுக்கென்று போட்டுவிடாதீர்கள். கழுகு இனமான பாறுகளை அழித்ததனால் 2006ஆம் ஆண்டிலிருந்து அது கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்ட மருந்து.

இப்போது கொட்டகைக்கு வருவோம். குளிர் படாமல் காத்தீர்கள் என்பது உண்மை. ஆனால் அதற்கு விலையாகக் காற்றை அடைத்துவிட்டீர்கள். ஈரோட்டுச் சமவெளியில் மார்கழி இரவின் குளிர், உடம்பு நனையாமல் உலர்ந்த வைக்கோலில் படுத்து, வயிறு நிறையப் பால் குடித்த ஒரு மாதக் கன்றை ஒன்றும் செய்யாது. பிறந்து சில நாளே ஆன கன்றுக்குக் கதகதப்பு வேண்டும். அதையும் ஆழமான வைக்கோல் படுக்கையே கொடுத்துவிடும். கன்றின் நுரையீரலைக் கெடுப்பது அடைத்த கொட்டகையில் தேங்கும் அம்மோனியா, ஈரம், புகை, மற்ற மாடுகள் விட்ட மூச்சு ஆகிய நான்கும்தான்.

இதை நானே தாமதமாகத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன்பு கீழ்பவானி வாய்க்கால் ஓரத்துத் தோட்டம் ஒன்றில் ஒன்பது பசுக்கள், ஐந்து கன்றுகள். கார்த்திகை தொடங்கியதிலிருந்து மாறி மாறி ஏதாவது ஒரு கன்று இருமிக்கொண்டே இருந்தது. மூன்று வாரம் ஊசி போட்டேன், மருந்தை இருமுறை மாற்றினேன்; ஒன்று தேறினால் இன்னொன்று விழுந்தது. நான் போனதெல்லாம் காலை 11 மணிக்கு. அந்த நேரத்தில் தார்ப்பாயெல்லாம் சுருட்டப்பட்டு, தரை கழுவப்பட்டு, கொட்டகை பார்க்க அழகாக இருக்கும். ஒரு நாள் கன்று ஈனச் சிரமப்பட்ட பசுவுக்காக விடியற்காலை ஐந்தரை மணிக்கு அழைத்தார்கள். தார்ப்பாயை விலக்கித் தலையை உள்ளே விட்டதும் கண் எரிந்தது. அணைந்தும் அணையாமலும் புகைச்சட்டி. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் அடிப்பக்கத்தில் வியர்வை கோத்து, சொட்டுச் சொட்டாகக் கன்றுகளின் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. கன்றுகள் கட்டப்பட்டிருந்ததோ கொட்டகையின் தென்மேற்குக் கோடியில். ஒன்பது பசுக்களின் மூத்திரமும் ஓடி வந்து சேரும் கால்வாயின் கடைசியில். நான் மூன்று வாரமாகக் கன்றுக்குப் போட்ட ஊசியை ஒவ்வோர் இரவும் அந்தக் கொட்டகை கழுவிவிட்டுக்கொண்டிருந்தது.

அங்கே நடந்ததைச் சற்று விளக்குகிறேன். மூத்திரத்தில் உள்ள யூரியா சாணத்தோடு கலந்ததும், சாணத்திலுள்ள நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக உடைக்கின்றன. கன்று ஒரு நாளில் பெரும்பகுதி நேரம் படுத்தே இருக்கும். அதன் மூக்கு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அம்மோனியா கிளம்பும் இடத்திலேயே இருக்கிறது. மூச்சுக்குழலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிர்கள் உண்டு. உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் சளியில் ஒட்டவைத்துத் தொண்டையை நோக்கி இடைவிடாமல் மேலே தள்ளுவது அவற்றின் வேலை. அம்மோனியாவும் புகையும் அந்த மயிர்களின் அசைவை மந்தமாக்குகின்றன. வாசலைக் கூட்டும் துடைப்பம் நின்றுவிட்டால் குப்பை உள்ளே சேர்வது போல, கிருமி கீழே இறங்குகிறது. ஈரக்காற்றில் கிருமிகள் அதிக நேரம் உயிரோடு மிதக்கின்றன; பசுக்கள் இருமியதும் மூச்சுவிட்டதும் வெளியேற வழியின்றிக் கன்றுகளையே சுற்றுகின்றன. வேப்பிலைப் புகை கொசுவை விரட்டும் என்பது உண்மைதான். அடைத்த கொட்டகையில் அது கன்றுக்கும் அதே வேலையைத்தான் செய்யும், கன்றுக்கு ஓட வழியில்லை. கொசுவுக்குக் கன்றுகளின் பகுதியை மட்டும் சுற்றிக் கொசுவலை கட்டி, மேலே ஒரு மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள்.

உங்கள் கொட்டகை எப்படி இருக்கிறது என்று அறிய இரண்டு சோதனைகள் போதும். இரண்டையும் தார்ப்பாயை விலக்குவதற்கு முன்பு, விடியற்காலையில் செய்ய வேண்டும். வெளியே சுத்தமான காற்றில் சிறிது நேரம் நின்றுவிட்டு நேராக உள்ளே போய், கன்று படுக்கும் இடத்தில் கன்றின் உயரத்துக்குக் குந்தி மூச்சிழுங்கள். மூக்கில் சுருக்கென்று ஏறினாலோ கண் கரித்தாலோ அந்த இடம் கன்றுக்கு ஆகாது. முதல் சில மூச்சிலேயே தீர்மானித்துவிட வேண்டும். சிறிது நேரத்தில் நம் மூக்கு பழகிவிடும், ஒன்றுமில்லை என்று சொல்லும். பிறகு வைக்கோலில் முழங்காலை ஊன்றி அரை நிமிடம் மண்டியிடுங்கள். வேட்டியில் ஈரம் ஏறினால் படுக்கையை மாற்றும் நாள் கடந்துவிட்டது. மேலே பார்க்கும்போது கூரையின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் காற்றுக்கு வெளியேறும் வழி இல்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

அந்தத் தோட்டத்தில் பெரிய செலவு எதுவும் செய்யவில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை நம் பக்கம் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. கன்றுகள் தென்மேற்கில் இருந்ததால் ஒன்பது பசுக்களைக் கடந்த காற்றுதான் அவற்றுக்குக் கிடைத்தது. அவற்றைக் கொட்டகையின் வடகிழக்குப் பக்கம் தனியாக இறக்கிய சாய்ப்புக்கு மாற்றினோம். வடக்கிலும் கிழக்கிலும் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்துக்கு மட்டும் தார்ப்பாய். படுத்திருக்கும் கன்றின்மேல் வாடை நேராக அடிக்காமல் இருக்க அது போதும். அதற்கு மேல் கூரை வரை திறப்பு. சாரல் அடித்தால், மேல்பகுதிக்கு ஒரு தார்ப்பாயை இறவாணம் போல வெளிப்பக்கம் சாய்த்துக் கட்டிக்கொள்வார்கள்; செங்குத்தாக அடைக்கமாட்டார்கள். தரைக்குச் சரிவு கொடுத்து மூத்திரம் வெளியே ஓடும்படி செய்து, அரை அடி உயரத்துக்கு வைக்கோல் பரப்பி, நனைந்த இடத்தைத் தினமும் அள்ளிவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். வைக்கோல் பூசணம் பிடிக்காததாக இருக்க வேண்டும். பூசண வைக்கோலை உதறும்போது கிளம்பும் தூசியே இருமலுக்குப் போதும், அதைவிட நன்றாக உலர்ந்த கரும்புத் தோகை மேல். ஒரு கன்றுக்குப் பத்துச் சதுர அடி போதும் என்று பயிற்சிகளில் சொல்லுவார்கள். நிற்க அது போதும், உலர்ந்த இடத்தில் படுக்க இருபதாவது வேண்டும் என்பது என் அனுபவம்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு அங்கே புதிதாக எந்தக் கன்றும் இருமவில்லை. ஆனால் ஏற்கெனவே இருமுறை மூன்றுமுறை விழுந்த இரண்டு கன்றுகள் பழைய நிலைக்கு வரவே இல்லை. கெட்டிப்பட்டுத் தழும்பான நுரையீரல் திரும்ப வளராது. ஓடினால் இளைத்தன, மற்றவற்றைவிட உடம்பு சிறுத்தே நின்றன. அதில் ஒன்றை விற்றுவிட்டார்கள். இன்னொன்று நான்கு வயதுக்கு மேல்தான் முதல் ஈற்றுக்கு வந்தது. உங்கள் கெட்டிச் சளிக் கன்று பிழைத்தாலும் அதன் வளர்ச்சியை மற்றவற்றோடு ஒப்பிட்டு மாதம் ஒருமுறை மார்புச் சுற்றளவை நூல்நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். கிடாரியாக இருந்தால் வைத்து வளர்ப்பதா வேண்டாமா என்று அந்தக் கணக்கே சொல்லும்.

ஒரு கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, நானே கேட்கிறேன். உங்கள் வீட்டில் நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் சீம்பால் கறக்கும் வழக்கம் உண்டா? அந்தக் காத்திருப்பு சில நேரம் ஆறு மணி, எட்டு மணி நேரம் வரை போய்விடும். தாயின் இரத்தத்திலிருந்து கன்றுக்குக் கருவில் எதிர்ப்புச் சக்தி கிடைப்பதில்லை; சீம்பால் வழியாகத்தான் கிடைக்கிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் ஆற்றல் கன்றின் குடலுக்குப் பிறந்த முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். நேரம் போகப் போகக் குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய நின்றுவிடும். 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர் சீம்பாலை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கப் பாருங்கள்; ஒரே தடவையில் குடிக்காவிட்டால் கட்டாயப்படுத்தாமல் இடைவெளி விட்டு மிச்சத்தைக் கொடுங்கள். சீம்பால் தாமதமான கன்று பிறந்தபோது எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும், நான்காவது ஆறாவது வாரத்தில் அடைத்த கொட்டகைக் காற்றுக்கு முதலில் விழுவது அதுதான். போன ஆண்டு இறந்த கன்றின் வயது ஒன்றரை மாதம் என்று எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

இப்போது நோயுற்ற இரண்டையும் மற்ற இரண்டிலிருந்து பிரித்துக் காற்று வரும் திசைக்கு எதிர்க்கோடியில், அதாவது தென்மேற்கில், திறந்த சாய்ப்பில் கட்டுங்கள். பால் விடுவது, படுக்கை மாற்றுவது எல்லாவற்றையும் நலமான இளங்கன்றில் தொடங்கி நோயுற்றதில் முடியுங்கள். நடுவில் திரும்பி வர நேர்ந்தால் கையையும் வாளியையும் கழுவிக்கொள்ளுங்கள். காய்ச்சல் இறங்கி, இருமல் நின்று, காலையில் மூக்கைத் தானே நக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தொடங்கிய பிறகும் இரண்டு வாரத்துக்கு அவற்றை இளங்கன்றுகளோடு சேர்க்க வேண்டாம். நலமாகத் தெரியும் மற்ற இரண்டுக்கும் அந்த இரண்டு வாரமும் தினமும் விடியற்காலையில் வெப்பம் பார்த்துக் கொட்டகைச் சுவரில் தேதியோடு எழுதி வாருங்கள். மருத்துவர் அடுத்த முறை வரும்போது அந்தச் சுவரைத்தான் முதலில் படிப்பார்.